ஒரே மாவு, மூன்று கணக்கு: செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்குச் சத்து அட்டவணை போடும் முறை

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் காலைப் பலகாரம் எடுத்துவைத்தபோது ஆயா கேட்டார்: "ஏண்டி ஆத்தா, எட்டுப் பணியாரம் தின்னா நாலு இட்லி தின்ன கணக்குத்தானே? ரெண்டும் ஒரே மாவுதானே?" ஆயாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. நான்கு இட்லிக்கு மேல் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பணியாரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இணையத்தில் தேடிப் பார்த்தேன். பணியாரம் ஒன்றுக்கு 30 கலோரி என்றது ஓரிடம், 70 என்றது இன்னோரிடம். எவ்வளவு பெரிய பணியாரம், எவ்வளவு எண்ணெய் என்று இரண்டு இடத்திலும் இல்லை. ஆகவே நாமே எடை போட்டு ஓர் அட்டவணை செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு டிஜிட்டல் தராசும் பேனாவும் இருந்தால் யாரும் செய்யலாம். எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல்: வெந்த உணவில் 100 கிராம்

ஒப்பிட வேண்டுமென்றால் எல்லா உணவும் ஒரே அளவில் நிற்க வேண்டும். 'ஒன்று', 'ஒரு கிண்ணம்', 'ஒரு கரண்டி' இவற்றை வைத்து ஒப்பிட முடியாது. என் வீட்டுப் பணியாரக்கல்லில் ஊற்றும் பணியாரம் 21 கிராம். பக்கத்து வீட்டு ஆச்சியின் கல்லில் குழி ஆழம், அங்கே ஒன்று 30 கிராமைத் தாண்டுகிறது. அதனால் 100 கிராம் என்று வைத்துக்கொள்கிறோம். பாக்கெட் உணவின் மேல் அச்சிடும் சத்து விவரமும் 100 கிராமுக்குத்தான் இருக்கும் என்பதால், கடையில் வாங்கிய முறுக்கையும் சீப்புச்சீடையையும் அப்படியே எடுத்துச் சேர்க்கலாம்.

ஆனால் எந்த 100 கிராம்? பாதி அட்டவணைகள் இங்கேதான் கெடுகின்றன. புழுங்கலரிசி 100 கிராமில் சுமார் 352 கலோரி. அதே அரிசி சோறானதும் 100 கிராமில் சுமார் 125. அரிசி மாறவில்லை, தண்ணீர் குடித்து ஏறத்தாழ மூன்று மடங்கு எடை ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு வரியில் பச்சையான பருப்பின் எண்ணையும் அடுத்த வரியில் வெந்த சோற்றின் எண்ணையும் போட்டுவிட்டுப் பருப்பில் எவ்வளவு புரதம் பார் என்று வியந்தால் அது தண்ணீரைப் பார்த்து வியப்பதுதான். எனவே விதி ஒன்றே: தட்டில் விழும் நிலையில், வெந்த பிறகு, 100 கிராம்.

பச்சைப் பொருளின் எண்களை எடுக்கும் இடம்

வெந்த இட்லியை ஆய்வகத்துக்கு அனுப்ப நம்மால் முடியாது. அதற்குப் பதில், உள்ளே போன அரிசி, உளுந்து, எண்ணெய் இவற்றின் சத்தைக் கூட்டி, வெந்த எடையால் வகுக்கிறோம். பச்சைப் பொருளுக்கு நான் எடுத்தது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை. நம் நாட்டுச் சந்தைகளில் வாங்கிய பொருள்களைச் சோதித்து எழுதியது என்பதால், அமெரிக்கப் பட்டியல்களைவிட நம் உளுந்துக்கு அதுவே நெருக்கம்.

அதைத் திறந்ததும் இரண்டு விஷயம் தடுக்கும். முதலாவது, அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். புழுங்கலரிசிக்கு எதிரே 1471 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். 4.184-ஆல் வகுத்தால் நாம் பேச்சில் சொல்லும் கலோரி வரும்: 352. தோல் நீக்கிய உளுந்தின் 1356-ஐ வகுத்தால் 324.

இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. நார்ச்சத்தைச் சொல்வதில் பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று உண்டு. இதே நிறுவனத்தின் பழைய புத்தகத்தில் கொண்டைக்கடலைக்கு நார் 3.9 கிராம் என்று இருக்கிறது. 2017 அட்டவணையில் 25.2 கிராம். கடலை மாறிவிடவில்லை. பழையது, அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்த பிறகு மிஞ்சும் சக்கையை மட்டும் எடை போட்டது. அந்தக் கொதிப்பில் கரைந்துபோகும் நாரெல்லாம் கணக்கில் வராது. புதியது, நம் குடலில் செரிக்காமல் போகும் மொத்த நாரையும் அளக்கிறது. இன்றைக்கும் பல இணையப் பக்கங்களில் பழைய எண்ணே சுற்றுகிறது. ஆகவே அரிசிக்கு ஒரு புத்தகம், கடலைக்கு இன்னொரு புத்தகம் என்று கலக்கக் கூடாது. பயறு வகைக்கு எதிரே நார் மூன்று, நான்கு என்று ஒற்றை இலக்கத்தின் அடியில் கிடந்தால் அது பழைய முறை என்று கண்டுகொள்ளலாம்.

நான் பயன்படுத்திய பச்சை எண்கள், 100 கிராமுக்கு: புழுங்கலரிசி 352 கலோரி, 7.8 கிராம் புரதம், 3.7 கிராம் நார். உளுத்தம்பருப்பு 324, 23, 12. கொண்டைக்கடலை 287, 18.8, 25.2. தேங்காய் 409, 3.8, 10.4. எண்ணெய்க்குப் புத்தகமே வேண்டாம்: ஒரு கிராமுக்கு 9 கலோரி, புரதமும் நாரும் இல்லை.

எடை போடுவது

ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும். காலிப் பாத்திரத்தை வைத்துச் சுழியாக்கிவிட்டு நிறுக்க வேண்டும். சூடான பாத்திரத்தை நேரே தராசில் வைக்காதீர்கள், கீழே ஒரு மணை போடுங்கள். நான் மணை போடாமல் ஒரு தராசைக் கெடுத்தேன்.

நான்கு எடைகளைக் குறிக்க வேண்டும்: ஊறவைக்கும் முன் உலர்ந்த பொருள், அரைத்த பின் மாவு, போன எண்ணெய், கடைசியில் வெந்த பண்டம். இதில் எண்ணெய்தான் ஏமாற்றும். 'ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு சொட்டு' என்று யாரும் சொல்லலாம், கை அப்படி ஊற்றாது. எண்ணெய்ப் பாத்திரத்தைத் தொடங்கும் முன் ஒருமுறையும், எல்லாம் முடிந்த பின் ஒருமுறையும் நிறுங்கள். வித்தியாசம்தான் உண்மை. கல்லில் மிஞ்சியதை ஒரு காகிதத்தால் துடைத்து, காகிதத்தின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்.

ஆயாவின் கேள்வி, கணக்காக

இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம். வெந்தயம் ஒரு சிட்டிகை, அதை விட்டுவிட்டேன். அரிசியிலிருந்து 1408 கலோரி, 31.2 கிராம் புரதம், 14.8 கிராம் நார். உளுந்திலிருந்து 324, 23, 12. கூட்டினால் 1732 கலோரி, 54.2 கிராம் புரதம், 26.8 கிராம் நார். அரைத்துப் புளித்த பின் மாவு 1300 கிராம் நின்றது. அதைச் சரிபாதியாக, 650 கிராம் வீதம் பிரித்தேன். ஒரு பாதிக்கு 866 கலோரி, 27.1 கிராம் புரதம், 13.4 கிராம் நார்.

முதல் பாதி இட்லியானது. பதினான்கு இட்லி, மொத்தம் 645 கிராம். ஆவியில் வேகும்போது எடை ஏறக்குறைய மாறாது என்பது இதில் தெரியும். 866-ஐ 6.45-ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு 134 கலோரி. அதே மாதிரி புரதம் 4.2, நார் 2.1.

இரண்டாம் பாதியில் 60 கிராம் சின்ன வெங்காயத்தை வதக்கிக் கொட்டினேன். அது சுமார் 34 கலோரி, ஒரு கிராம் புரதம், 0.9 கிராம் நார். தாளிக்கவும் சுடவும் எண்ணெய்ப் பாத்திரத்தில் 40 கிராம் குறைந்தது. கல்லில் மிஞ்சியது 4 போக, பணியாரத்துக்குள் போனது 36 கிராம், அதாவது 324 கலோரி. முப்பது பணியாரம் வந்தது, மொத்தம் 625 கிராம். உள்ளே போன 746 கிராமில் 121 கிராம் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது. கூட்டுத்தொகை 1224 கலோரி, 6.25-ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு 196. புரதம் 4.5, நார் 2.3.

கணினியில் விரிதாளில் செய்பவர்கள் மொத்தக் கலோரியை B-யிலும் வெந்த எடையை E-யிலும் வைத்து, இந்த ஒரு வரியை இழுத்துவிட்டால் போதும்:

```
=B2/$E2*100
```

புரதமும் நாரும் C, D-யில் இருந்தால் வலப்பக்கம் இழுக்கும்போது அதுவே மாறிக்கொள்ளும். E-க்கு முன்னால் உள்ள `$` குறியை விட்டுவிட்டால் வகுக்கும் எடையும் நகர்ந்துபோகும். அபத்தமான எண் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

தோசை சொன்ன பொய்

அடுத்த நாள் அதே விகிதத்தில் அரைத்த மாவில் தோசை வார்த்தேன். 80 கிராம் மாவு, 3 கிராம் எண்ணெய், முறுகலாக எடுத்தபோது தோசை 55 கிராம். கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு 243 கலோரி, புரதம் 6.1, நார் 3.0. இட்லியில் புரதம் 4.2-தானே? அப்படியானால் தோசை புரதம் மிகுந்த உணவா?

இல்லை. கல்லில் தண்ணீர் போய்விட்டது. 100 கிராம் தோசை என்றால் அதற்குள் ஏறத்தாழ 145 கிராம் மாவு இருக்கிறது. 100 கிராம் இட்லிக்குள் இருப்பது 101 கிராம் மாவு. 100 கிராம் என்ற அளவுகோல் எல்லா உணவையும் ஒரே எடையில் நிறுத்துகிறதே தவிர, ஒரே ஈரத்தில் நிறுத்துவதில்லை. முறுக்கு, சீடை மாதிரி உலர்ந்த பண்டங்களை இந்த அட்டவணையில் சேர்த்தால் இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகும். இட்லியைவிடப் புரதம் கூடுதல் என்று அவை நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்.

இதற்கு நான் செய்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி. 100 கலோரி சாப்பிட்டால் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் நார் கிடைக்கிறது என்பது. 100 கிராமுக்கான புரதத்தைக் கலோரியால் வகுத்து நூறால் பெருக்கினால் வந்துவிடும். தண்ணீர் மேலும் கீழும் ஒரே அளவில் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. இட்லிக்கு 3.1 கிராம், தோசைக்கு 2.5, பணியாரத்துக்கு 2.3. மூன்றும் ஒரே மாவு. இடையில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி எண்ணெய். இப்போதுதான் அட்டவணை உண்மை பேசுகிறது.

அட்டவணை

மற்ற நான்கு வரிகளையும் இதே வழியில் போட்டேன். சமையலறைத் தராசை வைத்து 196-க்கும் 195-க்கும் வித்தியாசம் சொல்வது வீண் பெருமை, ஆகவே கலோரியை ஐந்தின் மடங்காக்கியிருக்கிறேன். கடைசி இரண்டு பத்திகளை, அப்படி ஆக்குவதற்கு முந்தைய எண்களிலிருந்து எடுத்தேன்.

| உணவு (வெந்தது) | 100 கிராமில் கலோரி | புரதம் (கிராம்) | நார் (கிராம்) | 100 கலோரிக்குப் புரதம் | 100 கலோரிக்கு நார் |
|---|---|---|---|---|---|
| புழுங்கலரிசிச் சோறு | 125 | 2.8 | 1.3 | 2.2 | 1.1 |
| இட்லி | 135 | 4.2 | 2.1 | 3.1 | 1.5 |
| வெங்காயக் குழிப்பணியாரம் | 195 | 4.5 | 2.3 | 2.3 | 1.2 |
| முறுகல் தோசை | 245 | 6.1 | 3.0 | 2.5 | 1.2 |
| கொண்டைக்கடலைச் சுண்டல் | 160 | 8.4 | 11.5 | 5.3 | 7.2 |
| கவுனி அரிசி (இனிப்பு)* | 215 | 2.7 | 2.2 | 1.3 | 1.0 |
| அவித்த முட்டை | 135 | 13.3 | 0 | 9.8 | 0 |

முட்டை வேகும்போது எடை மாறுவதில்லை என்பதால் அதன் பச்சை எண்ணையே வைத்தேன். ஓடு நீக்கிய முட்டை இரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ 100 கிராம்.

சுண்டல் 250 கிராம் கடலையில் செய்தது. ஊறி வெந்து வடித்ததும் 540 கிராம் ஆனது. 8 கிராம் எண்ணெயும் 30 கிராம் தேங்காய்த் துருவலும் சேர்த்து, கடைசி எடை 575. நாரில் இந்தப் பட்டியலில் அதன் அருகே எதுவும் வரவில்லை. நவராத்திரி ஒன்பது நாளோடு அதை நிறுத்திவிடுகிறோமே என்று எனக்கு ஒரு குறை உண்டு.

கவுனி அரிசிக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரம்

செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசி இல்லாமல் இலை நிறைவதில்லை. 'கறுப்பரிசி, நார் நிறைய' என்று சொல்லியே இரண்டாம் முறை வாங்கிக்கொள்வோம். 2017 அட்டவணையில் கவுனி அரிசிக்கென்று தனி வரி கிடையாது. தவிடு நீக்காத பச்சரிசி வரிதான் அதற்கு அருகில் இருப்பது: 354 கலோரி, 9.2 புரதம், 4.4 நார். அதை எடுத்துக்கொண்டு, அது மாற்று எண் என்பதைக் காட்ட நட்சத்திரம் போட்டேன். உங்கள் அட்டவணையிலும் இப்படி இரவல் வாங்கிய எண்ணுக்கு அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது அளந்த எண்ணா, இரவல் எண்ணா என்று நமக்கே தெரியாது.

200 கிராம் அரிசி, 120 கிராம் சர்க்கரை, 80 கிராம் தேங்காய், 20 கிராம் நெய். வெந்து இறக்கியபோது 780 கிராம். மொத்தம் சுமார் 1695 கலோரி. அதில் அரிசியிலிருந்து வந்தது பாதிக்கும் குறைவு, 708-தான். நார் 17 கிராமில் அரிசியின் பங்கு ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, தேங்காயின் பங்கு எட்டுக்கு மேல். அரிசிக்குப் போகும் புகழில் பாதி தேங்காய்க்கு உரியது. 100 கலோரிக்கு நார் 1.0 என்று, அது சாதாரணப் புழுங்கலரிசிச் சோற்றோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறது. கறுப்பு நிறத்துக்கு வேறு குணங்கள் இருக்கலாம், இந்த அட்டவணை அதை அளக்கவில்லை. நாருக்காகக் கவுனி சாப்பிடுகிறேன் என்பவர்கள் சர்க்கரை போடாமல் கஞ்சியாக்கிப் பார்க்கலாம்.

எண் தவறா என்று கண்டுபிடிப்பது

முடித்த பிறகு பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எண்ணெய் அதிகம் சேராத வெந்த தானியமோ பயறோ 100 முதல் 170 கலோரிக்குள்தான் பெரும்பாலும் வரும். 300-க்கு மேல் நின்றால் பச்சை எண் நுழைந்திருக்கிறது, அல்லது வெந்த எடைக்குப் பதில் உலர்ந்த எடையால் வகுத்திருக்கிறீர்கள். சுத்தமான எண்ணெயே 100 கிராமுக்கு 900 கலோரி என்பதால், எந்த உணவும் அதைத் தாண்ட முடியாது. தாண்டினால் கிலோஜூலை வகுக்க மறந்துவிட்டீர்கள்.

சோற்றில் ஒரு சிறு கசிவு உண்டு. கஞ்சியை வடித்தால் மாவுச்சத்தில் கொஞ்சம் அதோடு போய்விடும், நம் கூட்டலில் அது இன்னும் இருப்பதாகவே நிற்கும். 300 கிராம் அரிசி வடித்த சோறாக 840 கிராம் வந்தது. 125 என்று நான் எழுதியது அதனால் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். குக்கரில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கடலை வேகவைத்த தண்ணீரை வடிப்பதிலும் இதே கதை. அந்தத் தண்ணீரை ரசத்தில் ஊற்றிவிடும் வீடுகளில், சுண்டலில் குறைவது ரசத்தில் வந்துசேர்கிறது.

கோழியை இந்தமுறை சேர்க்கவில்லை. எலும்போடு நிறுத்த 100 கிராமுக்கு அர்த்தமே இல்லை. வறுவலைச் சேர்க்க நினைப்பவர்கள், வெந்த மொத்த எடையிலிருந்து, சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளில் கிடக்கும் எலும்பின் எடையைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். விருந்தாளி வந்த நாளில் இந்த வேலை வேண்டாம்.

மறுபடி ஆயாவிடம்

அட்டவணை 100 கிராமுக்கு. ஆயா சாப்பிடுவது எண்ணிக்கையில். ஆகவே கடைசிப் படி, எண்ணிக்கைக்குத் திருப்புவது. என் வீட்டு இட்லி ஒன்று 46 கிராம், பணியாரம் ஒன்று 21 கிராம் என்று அட்டவணைக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு எடை வேறாக இருக்கும். இந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், பக்குவம் ஒன்றாக இருக்கும்வரை மேலே உள்ளது மாறாது.

நான்கு இட்லி 247 கலோரி, 7.7 கிராம் புரதம். எட்டுப் பணியாரம் 326 கலோரி, 7.5 கிராம் புரதம். மாவுக் கணக்கில் ஆயா சொன்னது சரிதான், புரதம் கிட்டத்தட்ட அதேதான் வருகிறது. ஏறிய 79 கலோரியும் எண்ணெய்.

"அப்ப எத்தனை திங்கலாம், அதைச் சொல்லு" என்றார்.

ஆறு பணியாரம் 245 கலோரி. சொன்னேன். எண்ணி ஆறை எடுத்துக்கொண்டு, கெட்டித் தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சட்னிக்கு இன்னும் வரி போடவில்லை. தராசை மறுபடி எடுத்தேன்.